லோரி வாரத்துக்கு ஒரு தடவை வரும்

எனக்கு எழுத வராது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். வாக்கியம் கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுகளும் எனக்குக் குழம்பும். அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு நடந்தது, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும். பேசவேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தவள் இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நான் லாபு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். கல்யாணமாகி அம்பாங்கானுக்கு வந்தேன். சிரம்பானில், ஏழெட்டுத் தோட்டங்களுக்குப் பொதுவான ஒரு அலுவலகத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. ஒருநாள் பெரிய கிராணியின், அதாவது தலைமை எழுத்தரின், மேசையில் எண்கள் எழுதிய காகிதங்கள் விசிறியில் பறந்து கலைந்துவிட்டன. நான் பொறுக்கி, எண் வரிசைப்படி அடுக்கி வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, "நம்பர் நல்லா வாசிப்பியோ?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். கம்ப்யூட்டர் வந்தபோது எண் அடிக்கிற மூன்று பெண்களில் என்னையும் ஒருத்தியாக உட்கார வைத்தார். மற்ற இரண்டு பேரும் பெரிய பள்ளிக்குப் போய் ஐந்தாம் பாரம் வரை படித்தவர்கள். நான் வாய் திறக்காமல் அடிப்பேன். தப்பும் குறைவாகத்தான் வரும்.

எனக்குக் கொடுத்தது நோய்ச் சீட்டு. தோட்டத்து டிரசர், அதாவது மருந்துக்கூடத்தில் ஊசி போட்டுக் கட்டுக் கட்டுகிறவர், ஆள் வந்து காட்டினால் ஒரு சீட்டுக் கிழிப்பார். அதில் டிவிஷன், அதாவது தோட்டப் பிரிவு, எண், ஆள் எண், பார்த்த தேதி, என்ன நோவு என்பதற்கு ஒரு எண். களைக்கு மருந்து அடிப்பதால் வருகிற நோவுக்கு நாற்பத்திரண்டு. நகம் கறுத்து விழுவது, மூக்கில் ரத்தம், கண் எரிச்சல் எல்லாம் நாற்பத்திரண்டுதான். மூன்று மாதத்தில் ஒரே ஆளுக்கு நான்கு முறை நாற்பத்திரண்டு விழுந்தால், மாதக் கடைசியில் கம்ப்யூட்டர் அச்சடிக்கிற லிஸ்ட்டில் அந்த ஆள் எண் வரும். லிஸ்ட்டைப் பார்த்து மேனேஜர் அந்த ஆளை மருந்துப் பம்பிலிருந்து எடுத்து வேறு வேலைக்குப் போடவேண்டும். நல்ல சட்டம். அதில் நான் குறை சொல்லமாட்டேன்.

கம்ப்யூட்டரை அமைத்தவர் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு தம்பி. இருபத்தைந்து வயதிருக்கும். மரியாதையான பிள்ளை. நாங்கள் அடிப்பது ஒரு கோப்பில் சேரும். மாலை நாலு மணிக்கு அவர் ஒன்றை ஓட்டுவார். அது நாங்கள் அடித்ததிலிருந்து புதியவற்றை எடுத்துப் பெரிய கோப்பில் போடும். லிஸ்ட் பெரிய கோப்பிலிருந்துதான் வரும்.

ஆரம்பத்தில் அவர் ஒவ்வொரு மேசையாக வந்து கேட்டார். என் மேசைக்கும் வந்தார்.

"அக்கா, டிரசர் பார்த்து எத்தனை நாள் கழிச்சு சீட்டு இங்க வரும்?"

"எதுக்குங்க தம்பி?"

"ஒவ்வொரு நாளும் அடிச்சது மொத்தத்தையும் முதல்லேர்ந்து படிச்சா மெஷின் விடிய விடிய ஓடும்கா. ரப்பர் பால் நிறுத்த கணக்கு ஓட இடமிருக்காது. அதனால பின்னாடி கொஞ்ச நாள் மட்டும் திரும்பிப் பார்க்கச் சொல்லப்போறேன். எத்தனை நாள்னு தெரியணும்."

எனக்கு வாயில் வந்தது இதுதான்: "தூரத்து டிவிஷனுக்கு லோரி வாரத்துக்கு ஒரு தடவை வருமுங்க."

"அப்ப ஏழு நாள் போதும்," என்று எழுதிக்கொண்டார்.

நான் சொன்னது பொய்யில்லை. லோரி வாரம் ஒருமுறை வரும். ஆனால் சீட்டு ஒவ்வொரு லோரியிலும் வராது. ஐம்பது தாள் கொண்ட புத்தகமாகத்தான் சீட்டு அச்சாகி இருந்தது. தாளுக்குத் தாள் எண் உண்டு. புத்தகம் முடிந்தால்தான் டிரசர் அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். பெரிய தோட்டத்தில் நாலைந்து நாளில் ஒரு புத்தகம் தீரும். ரெம்பாவுக்கு உள்ளே தள்ளி, இருபது முப்பது பேர் மட்டும் இருக்கிற டிவிஷனில் ஐம்பது தாள் தீர எத்தனை நாள் ஆகும்? இது எனக்குத் தெரியும். புத்தகங்களைப் பிரிப்பவளே நான்தான். 'தம்பி, இன்னொன்று' என்று சொல்ல வாயெடுத்தேன். மற்ற இரண்டு பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அந்தச் சின்ன டிவிஷனில்தான் என் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். அண்ணி மருந்துப் பம்பு சுமப்பவள். ஆள் எண் நானூற்றுப் பதினேழு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி மாறிப் போனேன். அண்ணி கோழிக்கறி வைத்திருந்தாள். சோற்றை உருண்டையாகப் பிடிக்காமல் கரண்டியால் சாப்பிட்டாள். கையைப் பார்த்தேன். வலது கையில் மூன்று விரலுக்கு நகமில்லை.

"என்னாண்ணி இது?"

"மருதாணி போட்டேன், நகத்தோட வந்திருச்சு," என்று சிரித்தாள். பிறகு, "டிரசர் நாலு சீட்டுக் கிழிச்சிட்டாருலா. இந்த மாசக் கடைசில லிஸ்ட்டுல வந்துடும்னாரு. பம்பை இறக்கி வெச்சிட்டு செம்பனைப் பழம் பொறுக்கப் போயிடுவேன். நீதானே அங்க அடிக்கிறவ? என் நம்பரைக் கொஞ்சம் அழுத்தி அடி," என்றாள்.

அண்ணன், "அவ அடிச்சா கம்ப்யூட்டருக்கே கேக்காது. அவ்ளோ மெதுவா அடிப்பா," என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

அந்த மாத லிஸ்ட்டில் நானூற்றுப் பதினேழு இல்லை. புத்தகமே இன்னும் வரவில்லை என்பதால் நான் கவலைப்படவில்லை. அடுத்த மாதம் புத்தகம் வந்தது. அண்ணியின் நான்கு சீட்டையும் எடுத்து ஒவ்வொரு எண்ணாக இரண்டு முறை பார்த்து அடித்தேன். மாதக் கடைசியில் லிஸ்ட் அச்சாகி மடிப்பு மடிப்பாக வந்து விழுந்தது. விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினேன். இல்லை.

அடுத்த ஞாயிறு போனபோது அண்ணி சிரிக்கவில்லை.

"வேலை வாங்குற மண்டோர் என்ன சொல்றான் தெரியுமா? 'நகம் விழுந்ததெல்லாம் ஒன் புருசன்கிட்டச் சொல்லு. கம்ப்யூட்டர்ல ஒனக்கு ஒரு நோவும் இல்லியாம். நீதான் தோட்டத்துலயே சொகமான பொம்பள'ன்னான். எல்லா ஆளுங்களுக்கும் முன்னாடி."

"நான் அடிச்சேண்ணி. சத்தியமா அடிச்சேன்."

"அடிச்சா எங்க போச்சு?"

மேனேஜரிடம் அண்ணனே போய்க் கேட்டிருக்கிறார். 'லிஸ்ட்டில் வந்தால் அன்றைக்கே மாற்றிவிடுகிறேன், லிஸ்ட் இல்லாமல் ஒருத்தருக்குச் செய்தால் எல்லாரும் வருவார்கள்' என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை, மற்ற பெண்கள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து தம்பியிடம் போனேன். அண்ணி என்று சொல்லவில்லை. பட்டும் படாமல் கேட்டேன்.

"தம்பி, லேட்டா வர்ற சீட்டு விட்டுப் போகுமா?"

"போகாதுக்கா. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு. போன வாரந்தான் பெரிய ஃபைல் முழுக்கப் பார்த்தேன். எது எத்தனை நாள் லேட்டுன்னு ஒவ்வொண்ணாக் கணக்கெடுத்தேன். ஏழு நாளைத் தாண்டி ஒண்ணுகூட இல்ல. ஏழு சரியான நம்பர்தான்."

அவர் சொன்னதும் எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. படித்தவர் கணக்கெடுத்துச் சொல்கிறார். நான் என்ன கண்டேன். அந்தக் கணக்கில் இருந்த கோணல் எனக்குப் பல நாள் கழித்துத்தான் விளங்கியது. காலையில் தோட்டத்தில் ஆள் கூப்பிட நிற்கவைப்பதைப் பெரட்டு என்போம். பெரட்டுக்கு வந்து நிற்பவர்களைப் பார்த்து, 'வராதவர்கள் கை தூக்குங்கள்' என்றால் யார் தூக்குவார்கள்? ஏழு நாளைத் தாண்டியது பெரிய கோப்புக்குள் நுழைந்ததே இல்லை. அங்கே போய்த் தேடினால் எப்படி இருக்கும்?

அப்போது எனக்கு ஒன்று மட்டும் பிடிபட்டது. தேதி பழையதாக இருந்தால் மெஷின் எடுக்கவில்லை. புதிய தேதி போட்டால் எடுக்கும்.

இனி எழுதுவது வெட்கமான விஷயம். அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். அண்ணியின் நான்கு சீட்டையும் மறுபடி அடித்தேன். பார்த்த தேதி என்ற இடத்தில் அன்றைய தேதியைப் போட்டேன். நான்குக்கும் அதே தேதி. என் வாழ்நாளில் தெரிந்தே தப்பாக அடித்தது அந்த நான்குதான். கடவுளே, இந்த முறை எடுத்துக்கொள் என்று நாலு மணி வரை வேண்டிக்கொண்டிருந்தேன்.

அந்த மாதமும் அண்ணி லிஸ்ட்டில் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து தம்பி என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு காகிதம்.

"அக்கா, நானூத்துப் பதினேழு யாரு? ஒரே ஆளு, ஒரே நாள்ல நாலு சீட்டு. அதே தாள் நம்பருங்க, பழைய தேதில ஏற்கெனவே அடிச்சிருக்கு. இது உங்க கைதானே?"

தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணீர் கீபோர்டில் விழுந்தது. அது கெட்டுவிடப் போகிறதே என்று முந்தானையால் துடைத்தேன்.

"அளுவாதீங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. ஏன் செஞ்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"நாலும் உள்ள போயிருக்கும்ல தம்பி? அப்புறம் ஏன் வரல?"

"ஒண்ணுதான்கா போச்சு. தினமும் ஏழு நாளைத் திரும்பிப் பார்க்குறேன்ல? ஒரே சீட்டு ஏழு தடவை கண்ணுல படும். அதை ஏழா எண்ணிடக் கூடாதுன்னு, ஆள் நம்பரும் தேதியும் ஒண்ணா இருந்தா பழசை எடுத்திட்டு புதுசை வைக்கச் சொல்லியிருக்கேன். உங்க நாலும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கடைசி ஒண்ணு மிஞ்சிச்சு."

அப்போதுதான் வாய் திறந்தேன். அண்ணியைப் பற்றி, நகத்தைப் பற்றி, மண்டோர் சொன்னதைப் பற்றி. கடைசியில் ஐம்பது தாள் புத்தகத்தைப் பற்றி. லோரியில் ஆள் வரலாம், உரம் வரலாம், புத்தகம் முடியாமல் சீட்டு வராது என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அன்னைக்கே ஏன்கா சொல்லல?"

"நீங்க அடுத்த மேசைக்குப் போயிட்டீங்க தம்பி."

அவர் அன்று சாப்பிடப் போகவில்லை. என்னோடு அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு புத்தகமாகப் பிரித்து, முதல் தாளில் டிரசர் எழுதிய தேதியையும் அட்டையில் நாங்கள் குத்திய ரப்பர் முத்திரைத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். இந்த முறை கம்ப்யூட்டரைக் கேட்கவில்லை, காகிதத்தைக் கேட்டார். பெரிய தோட்டங்கள் எல்லாம் ஐந்து நாள், ஆறு நாள். அண்ணியின் டிவிஷன் புத்தகம் ஒன்று பதினோரு வாரம்.

தம்பி பெரிய கிராணியிடம் போனார். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காரர். கெட்டவர் இல்லை.

"டிரசர் பார்த்த தேதியை வெச்சு எடுக்கிறதுதான் தப்பு ஐயா. இங்க வந்து சேர்ந்த தேதியை வெச்சு எடுத்தா எவ்ளோ பழைய சீட்டா இருந்தாலும் விடாது."

"அந்தத் தேதி அட்டையிலதானே இருக்கு? கம்ப்யூட்டர்ல இல்லையே."

"புதுசா ஒரு கட்டம் சேர்க்கணும்."

"அதுக்கு மேலிடத்துல கேட்க வேணும். ஆறு மாசம் ஆகும்."

"அப்ப தொண்ணூறு நாள் திரும்பிப் பார்க்கச் சொல்லுவோம்."

"எவ்வளவு நேரம் ஓடும்?"

தம்பி சொன்ன கணக்கு எனக்குக் கேட்கவில்லை. பெரிய கிராணி, "பால் கணக்கு காத்துக்கொண்டு நிற்குமே. முப்பது போடுங்கோ. நூத்துக்கு ரெண்டு மூண்டு சீட்டுத்தானே வெளியில நிக்கும்? பரவாயில்லை," என்றார்.

நூற்றுக்கு இரண்டு மூன்று. அந்த இரண்டு மூன்றும் தோட்டத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தால் பரவாயில்லை என்று நானும் சொல்வேன். அத்தனையும் ஒரே டிவிஷன். ஆள் குறைவான இடத்தில் புத்தகம் மெதுவாகத் தீரும், மெதுவாகத் தீர்ந்தால் சீட்டு பிந்தும், பிந்தினால் எண்ணிக்கையில் இல்லை. சின்ன இடம் என்பதாலேயே அவர்கள் நோவு நோவில்லை. முப்பது என்று முடிவு செய்தபோது அந்த இருபது முப்பது பேரை வெளியில் நிறுத்தித்தான் முடிவு செய்தார்கள். அது பெரிய கிராணிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கதவு திறந்துதான் இருந்தது. நான் உள்ளே போகவில்லை.

பழைய சீட்டுகளையாவது ஒரு தடவை உள்ளே ஏற்றிவிடட்டுமா என்று தம்பி கேட்டாராம். போன லிஸ்ட்டுகளில் கையெழுத்தாகிவிட்டது, இனி மாற்றினால் ஏன் மாறியது என்று கேள்வி வரும் என்று பதில். அதோடு நான் போட்ட பொய்த் தேதியையும் தம்பி எடுக்க வேண்டியிருந்தது. "தப்பை உள்ள வெச்சிருக்க முடியாதுக்கா," என்றார். சரிதான். ஆனால் பொய்யால் அண்ணிக்கு ஒன்றாவது இருந்தது. உண்மையைத் திருத்தியதும் அதுவும் போய் மறுபடி சைபர்.

லோரி ஓட்டுகிறவரிடம் டிரசருக்குச் சொல்லி அனுப்பினேன், புத்தகம் முடியாவிட்டாலும் கிழித்த வரைக்கும் அனுப்பச் சொல்லி. பதில் அடுத்த வாரம் அதே லோரியில் வந்தது: "தாளுக்குத் தாள் நம்பர் இருக்கு. பாதிப் புஸ்தகத்தை அனுப்பிட்டு மீதிக்கு நான் யார்கிட்டப் பதில் சொல்றது? அடிக்கிற பொம்பளைய அடிக்கிற வேலையைப் பார்க்கச் சொல்லு."

நான் அடிக்கிற வேலையைப் பார்த்தேன்.

மழைக்காலம் முடிந்து களை மண்டிய நேரத்தில், சரிவில் கால் வழுக்கி, பம்பின் குழாய் கழன்று மருந்து அண்ணியின் வலது கண்ணில் அடித்தது. பக்கத்தில் தண்ணீர் இல்லை. வாய்க்காலுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போய்க் கழுவினார்களாம். சிரம்பான் ஆஸ்பத்திரியில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். கட்டுக் கட்டிய முகத்தோடு அண்ணி கேட்டாள்:

"இதுக்கும் சீட்டுக் கிழிச்சிருப்பாருல்ல?"

"கிழிச்சிருப்பாரு."

"நீ அடிச்சிடாத. விடு," என்றாள்.

அது கோபமா, என்மேல் இரக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அந்தக் கண்ணில் பிறகு வெள்ளை படர்ந்து பார்வை நின்றுவிட்டது. அண்ணியைப் பம்பிலிருந்து எடுத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துப் பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில் போட்டார்கள். அதற்கு லிஸ்ட் தேவைப்படவில்லை.

நான் அந்தச் சீட்டை அடித்தேன். வேலை அதுதானே. புத்தகம் வந்து சேர நாற்பது நாளுக்கு மேலாகியிருந்தது. மெஷின் எடுக்கவில்லை.

மேலிடத்து அனுமதி வந்து, 'வந்து சேர்ந்த தேதி' என்று திரையில் புதுக் கட்டம் வந்தது. ஒவ்வொரு சீட்டுக்கும் முத்திரைத் தேதியையும் சேர்த்து அடித்தேன். தாள் எண்ணை வைத்து மெஷின் ஒப்பிட்டது, அதனால் எத்தனை முறை பார்த்தாலும் ஒன்று இரண்டாகவில்லை, இரண்டு ஒன்றாகவுமில்லை. எவ்வளவு பிந்தி வந்தாலும் வந்த அன்றைக்கே உள்ளே போனது. புத்தகத்தையும் பத்துத் தாளாக்கினார்கள். தம்பி என்னிடம் வந்து, "இப்ப ஒண்ணும் விட்டுப் போகாதுக்கா," என்றார். அடுத்த ஆண்டு வேலையை விட்டுப் போய்விட்டார்.

புது முறையில் வந்த முதல் லிஸ்ட்டை நான் விரல் வைத்துத் தேடினேன். அண்ணியின் டிவிஷனிலிருந்து ஐந்து பெண்களின் எண்கள் இருந்தன. ஒருவர்கூட அதுவரை எந்த லிஸ்ட்டிலும் வந்ததில்லை. ஐந்து பேரையும் பம்பிலிருந்து எடுத்தார்கள். நானூற்றுப் பதினேழு இல்லை. மூன்று மாதமாக அண்ணி மருந்து அடிக்கவில்லையே. அந்த முறை லிஸ்ட் சரியாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். புத்தகத்துக்கு ஐம்பது தாளா, அதற்கும் கூடவா. நோவு எண் நாற்பத்திரண்டுதானா. முதலில் வைத்தது ஏழு நாளா, எட்டா. இதெல்லாம் எனக்கு இப்போது கலங்கலாக இருக்கிறது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து அலுவலகத்தில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து பார்த்துத் திருத்துங்கள். தப்பாக எழுதியிருந்தால் அடித்துவிட்டுச் சரியானதைப் போடுங்கள். பிந்தி வந்தாலும் எடுத்துக்கொள்கிறேன். ஆள் எண்ணை மட்டும் பார்க்க வேண்டாம். அது எனக்கு மறக்கவில்லை.